ரிசெட் பட்டனும் ஆறாவது டீயும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க் குழுத் தோழர்கள் வந்தபோது, "தொழிற்பயிற்சி அனுபவத்தை எழுதுப்பா, நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்" என்றார்கள். ஆலையின் வரலாறு, உற்பத்தி முறை, வரைபடம் எல்லாவற்றையும் நான் ரிப்போர்ட்டிலேயே எழுதிவிட்டேன். அதற்கு மதிப்பெண்ணும் வாங்கியாச்சு. ரிப்போர்ட்டில் எழுத முடியாத ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. அது ஷிஃப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே வந்த பிறகு நடந்தது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பெரம்பலூர் மாவட்டத்தில் செட்டிகுளம் பக்கம் ஒரு கிராமம். சின்ன வெங்காயம்தான் எங்கள் வீட்டுக்குச் சோறு போடுகிறது. பயிற்சி கிடைத்ததோ அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில். 2007-ல் அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்து போனாலும், பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் காலை எட்டரைக்கு கேட்டில் பஞ்ச் வைக்க வேண்டும் என்றால் ஊரிலிருந்து தினமும் போய் வர முடியாது. அதனால் நண்பர்கள் இரண்டு பேரோடு அரியலூரில் ஒரு ரூம் எடுத்தேன். சனிக்கிழமை இரவு பேரளி வழியாக பெரம்பலூர் பஸ் பிடித்து வீடு, திங்கள் விடியற்காலை திரும்ப அரியலூர். இதுதான் என் வாரம்.

இனி அந்த ஒரு நாளுக்கு வருகிறேன்.

முந்தின நாள் இரவு நல்ல மழை. காலை பத்தேகாலுக்கு ஒரு சின்ன பெல்ட் கன்வேயர் நின்றுவிட்டது. 10 குதிரைத் திறன் மோட்டார், முழுச் சுமையில் 14 ஆம்பியர் சொச்சம் எடுக்கும். ஃபோர்மேன் அண்ணன் வேறொரு பிரேக்டவுனில் இருந்தார். "போய் என்னன்னு பாரு தம்பி, தொடாத, பாத்துட்டுச் சொல்லு" என்றார். நான் பேனலைத் திறந்து பார்த்தேன். ஓவர்லோடு ரிலே டிரிப் ஆகியிருந்தது. ரிசெட் பட்டனை அழுத்தினேன், ஸ்டார்ட் கொடுத்தேன். அரை நிமிஷம் ஓடி மறுபடி டிரிப். கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி ரிசெட், மறுபடி டிரிப். மூன்றாவது தடவைக்குப் பிறகு நான் செய்த காரியத்தை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ரிலேயில் 95, 96 என்று இரண்டு முனைகள் இருக்குமே, டிரிப் ஆனால் அந்தத் தொடர்பு திறந்து கான்டாக்டரை விடுவித்துவிடும். அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு துண்டு ஒயரைப் போட்டு இணைத்தேன். பெல்ட் ஓடியது! நானும் பெருமையாக நின்றேன். பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் வார்னிஷ் கருகும் வாசனை வந்தது.

காரணம் என்ன தெரியுமா? மழையில் நனைந்த சுண்ணாம்புக்கல் தூள் டெயில் புல்லியில் களிமண் மாதிரி அப்பிப் பிடித்திருந்தது. மண்வெட்டியால் பத்து நிமிஷ வேலை. கிளாம்ப் மீட்டரை ஒயரில் மாட்டிப் பார்த்திருந்தாலே 14 காட்ட வேண்டிய இடத்தில் அதைவிட ரொம்ப மேலே காட்டியிருக்கும். ரிலே தன் வேலையைச் சரியாகச் செய்து "சூடாகுது, நிறுத்து" என்று சொன்னது. நான் அதன் வாயைக் கட்டிவிட்டேன். மோட்டார் ரீவைண்டிங்குக்குப் போனது. பெல்ட் மூன்று மணி நேரம் நின்றது. எல்லார் முன்னாலும் எனக்கு விழுந்த திட்டில் ஒரு வார்த்தைகூட அநியாயம் கிடையாது. அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. டிபன் கேரியரைத் திறக்கவே மனசு வரவில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்கு வெளியே வந்தேன். அதற்கு மேல் நடந்ததைப் பேனல் ரூமில் மணிக்கொரு தரம் ரீடிங் எழுதுவோமே, அந்த மாதிரியே எழுதுகிறேன்.

5.40-க்கு முதல் டீ. 6.10-க்கு இரண்டாவது டீ. கூடவே ரூம் நண்பன் நீட்டிய சிகரெட். 7 மணிக்கு மூன்றாவது. 7.45-க்கு நான்காவது, இன்னொரு சிகரெட். 8.40-க்கு ஐந்தாவது. 9.30-க்கு ஆறாவது டீயும் மூன்றாவது சிகரெட்டும். 10.30-க்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில் ஒரு முட்டைக் கொத்து பரோட்டா. 11.15-க்கு ரூமில் பாயை விரித்துப் படுத்து, கையில் போன். கடைசியாக மணி பார்த்தபோது 2.20. காலை ஆறரைக்கு அலாரம்.

"இதுல என்னப்பா பெரிய விஷயம், எல்லாரும் பண்றதுதானே?" என்று கேட்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன், மறுநாள் காலை பதினொரு மணி வரைக்கும்.

மறுநாள் ஒரு பம்ப் மோட்டாரில் கனெக்ஷன் சரி பார்க்கும் வேலை. ஃபோர்மேன் அண்ணனும் நானும் போனோம். அவர் முன்னாலேயே ஃபீடரை ஆஃப் செய்து, ஃபியூஸைப் பிடுங்கி, அட்டை தொங்கவிட்டு வந்திருந்தார். இரண்டு பம்ப் பக்கத்துப் பக்கத்தில், ஒன்று ஓட, ஒன்று ஸ்டாண்ட்பை. நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்க் குனிந்து டெர்மினல் பாக்ஸ் மூடியைக் கழற்றினேன். உள்ளே கையைக் கொண்டு போகும்போது பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து ஒரு இழுப்பு! நான் திறந்தது ஸ்டாண்ட்பை மோட்டார். சுவிட்ச் போட்டால் அடுத்த நொடி ஓடத் தயாராக இருந்தது.

"நிக்கிறதுக்கும் ஆஃப்ல இருக்கிறதுக்கும் வித்தியாசம் தெரியாதா தம்பி உனக்கு?" என்றார். அவர் கை நடுங்கியது. திட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கின?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நான் யோசிக்கத் தொடங்கினேன்.

மாதக் கடைசியில் டீக்கடையில் கணக்கு தீர்க்கப் போனேன். எங்கள் ரூமுக்கு அங்கே ஒரு கணக்கு நோட்டு. ஒவ்வொரு தேதிக்கும் நேரே டீக்கு ஒரு கோடு, சிகரெட்டுக்கு ஒரு பெருக்கல் குறி. அந்த நோட்டை வாங்கி, என் பயிற்சி டைரியைப் பக்கத்தில் வைத்துத் தேதி தேதியாக ஒப்பிட்டேன். வேலை செய்த 26 நாளில், 17 நாள் சுமாரான நாட்கள். அந்த நாட்களில் இரண்டிரண்டு டீ, சிகரெட் கிடையாது. மீதி 9 நாள் எப்படி? ஒன்று திட்டு வாங்கியிருப்பேன், இல்லாவிட்டால் ஏதாவது சொதப்பியிருப்பேன். அந்த நாட்களில் ஆறு டீ, மூன்று சிகரெட். ஆக மொத்தம் 88 டீயில் 54 டீ அந்த ஒன்பது நாளில் குடித்தது! டீ 12 ரூபாய் வீதம் 1,056 ரூபாய். 27 சிகரெட் தனி. கொத்து பரோட்டா கைக்காசு, அது நோட்டில் வராது.

இதில் நான் கவனித்த இன்னொரு விஷயம்தான் என்னைச் சுட்டது. அந்த ஒன்பது நாட்களும் தனித்தனியாக இல்லை. இரண்டு இரண்டாக, ஒரு தடவை மூன்றாகச் சேர்ந்து வந்திருந்தன. ஒரு மோசமான நாளுக்கு மறுநாள் இன்னொரு மோசமான நாள். முதல் நாள் கெட்டதற்கு மழை காரணம், ஈரத்தூள் காரணம், என் அவசரப் புத்தி காரணம். இரண்டாம் நாள் கெட்டதற்கு முதல் நாள் இரவுதான் காரணம்.

டீ என்ன செய்கிறது என்று தேடிப் படித்தேன். நாம் விழித்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது மூளை செல்களில் தனக்கென உள்ள இடங்களில் போய் உட்கார்ந்தால் நமக்குச் சோர்வு தெரியும், தூக்கம் வரும். டீயில் உள்ள கஃபீன் அதே இடங்களில் முந்திக்கொண்டு போய் உட்கார்ந்துகொள்கிறது. அடினோசின் குறைவதில்லை, சேர்ந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் செய்தி போய்ச் சேருவதில்லை. இதைப் படித்தபோது எனக்கு எது ஞாபகம் வந்திருக்கும் என்று சொல்ல வேண்டுமா? 95-க்கும் 96-க்கும் நடுவே நான் போட்ட ஒயர்! மோட்டார் சூடாகிக்கொண்டே இருக்கிறது, ரிலே மட்டும் வாயைத் திறப்பதில்லை.

குடித்த கஃபீன் உடனே போய்விடாது. உடம்பில் பாதியாகக் குறைய ஆளைப் பொறுத்து மூன்று முதல் ஏழு மணி நேரம் பிடிக்கும். பொதுவாக ஐந்து மணி என்று கணக்கு வைக்கலாம். கடை டீ ஒன்றில் எவ்வளவு இருக்கும் என்பது தூளையும் டிகாஷனையும் பொறுத்தது. ஒன்றுக்கு 40 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டு என் ஆறு டீக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டேன். நள்ளிரவு 12 மணிக்கு முதல் டீயில் 17 மீதி, கடைசி டீயில் 28 மீதி. ஆறையும் கூட்டினால் சுமார் 130 மில்லிகிராம். அதாவது நான் பாயில் படுத்துக்கொண்டு "ஏன்டா தூக்கம் வரல" என்று புரண்ட அந்த நேரத்தில், மூன்று டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் படுத்தவனின் நிலையில் இருந்திருக்கிறேன்.

2013-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். படுக்கப் போவதற்கு ஆறு மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் கஃபீன் கொடுத்துப் பார்த்ததில், கருவி வைத்து அளந்த தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. நம் ஆறு டீயைவிட அது அதிக அளவுதான். ஆனால் ஒரு விஷயம் எனக்குப் பயமாக இருந்தது. தூக்கம் குறைந்தது அந்த ஆட்களுக்கே சரியாகத் தெரியவில்லையாம். "எனக்கு டீ குடிச்சாத்தான்டா நல்லா தூக்கம் வரும்" என்று சொல்லும் நண்பர்கள் நம் ஹாஸ்டலிலேயே எத்தனை பேர்!

சிகரெட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது புதுப் பழக்கம்தான், ஆனால் அந்தப் பாடத்தைச் சின்ன வயதிலேயே கற்றுவிட்டேன். வெங்காய விலை சரிந்த அன்றைக்கு அப்பா சந்தையிலிருந்து வந்து திண்ணையில் உட்கார்ந்து வரிசையாகப் பீடி பற்றவைப்பார். அம்மா சோறு போட்டு வைத்துவிட்டு நிற்பார். நாங்கள் யாரும் பக்கத்தில் போக மாட்டோம். மனசு சரியில்லை என்றால் ஆம்பிளைகள் இப்படித்தான் என்று அன்றைக்கே என் மண்டையில் பதிந்துவிட்டது போலிருக்கிறது. இப்போது அப்பாவுக்கு விடியற்காலையில் இருமல் ஆரம்பித்தால் அரை மணி நேரம் நிற்பதில்லை.

சிகரெட் பிடித்தால் டென்ஷன் குறையுமா? குறைகிற மாதிரி இருக்கும், அது நிஜம். ஆனால் எந்த டென்ஷன் குறைகிறது? நிகோடின் இரண்டு மணி நேரத்தில் உடம்பில் பாதியாகிவிடும். பழகியவனுக்கு அது குறையக் குறைய ஒரு எரிச்சல், ஒரு பரபரப்பு ஏறும். அடுத்த சிகரெட் தீர்ப்பது பெரும்பாலும் முந்தின சிகரெட் உண்டாக்கிய பரபரப்பைத்தான். ஷிஃப்ட் என்ஜினியர் உண்டாக்கியதை அது தொடுவதே இல்லை. மேலும் நிகோடின் இதயத் துடிப்பை ஏற்றும் பொருள், தூங்க வைக்கும் பொருள் அல்ல.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. சுண்ணாம்புக்கல் குவாரி, கிரஷர், பாக்கிங் பிளாண்ட் என்று நாம் போகிற இடமெல்லாம் தூசி. மூச்சுக்குழாயின் உட்சுவரில் மிக நுண்ணிய மயிர்கள் இருக்கின்றன. அவை துடைப்பம் போல ஓயாமல் அசைந்து, சளியோடு தூசியை மேலே தள்ளிவிடும். சிகரெட் புகை அவற்றை முடக்கிப் போடுகிறது. பகல் முழுக்கத் தூசியை உள்ளே வாங்கிவிட்டு, சாயங்காலம் அதைப் பெருக்கித் தள்ளும் துடைப்பத்தையும் கொளுத்தினால் என்ன ஆகும்? மாஸ்க் போடாமல் கிரஷருக்குள் போனால் சேஃப்டி ஆபீசர் கத்துவார். அதே மாஸ்க்கைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு கேட்டுக்கு வெளியே பற்றவைத்தால் யாரும் கேட்பதில்லை.

கொத்து பரோட்டா விஷயம் இன்னும் எளிது. நான் ராத்திரி பத்தரைக்குச் சாப்பிட்டது ஆசையால் அல்ல, பசியால். மதியம் சாப்பிடவில்லை. சாயங்காலப் பசியை டீயும் சிகரெட்டும் அமுக்கி வைத்தன. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் ஆறு டீக்குப் பன்னிரண்டு ஸ்பூன், சுமார் 60 கிராம். அதுவும் பசியை ஏய்த்துக்கொண்டே வந்தது. கடைசியில் பத்தரை மணிக்குப் பசி மொத்தமாக எழுந்தபோது அரியலூரில் திறந்திருந்தது தள்ளுவண்டிதான். எண்ணெயும் காரமும் வயிற்றில் இருக்கும்போதே படுத்தால் நெஞ்சு கரிக்கத்தான் செய்யும். அதனாலும் தூக்கம் இல்லை. தூக்கம் இல்லாததால் கையில் போன்.

அந்த போன்! 11.15-லிருந்து 2.20 வரை மூன்று மணி நேரம் என்ன பார்த்தேன் என்று மறுநாள் யோசித்தேன். ஒரு வீடியோகூட ஞாபகம் இல்லை. அந்தக் காலத்தில் வாரப் பத்திரிகை படித்தால் கடைசிப் பக்கம் என்று ஒன்று வரும், மூடி வைத்துவிட்டுத் தூங்கலாம். போனில் அடிப்பக்கமே கிடையாது. விரலால் தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் இந்த அமைப்பை 2006-ல் உருவாக்கியவர் ஏசா ராஸ்கின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர். பின்னாளில் அவரே அதற்காக வருத்தம் தெரிவித்தார். நிறுத்து என்று சொல்லும் இடத்தை எடுத்துவிட்டால் மனிதன் நிறுத்த மாட்டான். இதுவும் ஒரு வகையில் 95, 96 கதைதானே?

ஆனால் பழியை முழுக்க போன் மேல் போட என் மனசு ஒப்பவில்லை. எனக்குத் தூங்க இஷ்டமில்லை, அதுதான் உண்மை. தூங்கினால் உடனே காலை வந்துவிடும், மறுபடி அந்த கேட், அதே முகங்கள். பகல் முழுக்க அவர்கள் சொன்னபடி இருந்தாச்சு, இந்த ராத்திரியாவது என்னுடையது என்று ஒரு வீம்பு. சீனாவில் இதற்குத் தனியாக ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள், பழிவாங்கும் விழிப்பு என்ற அர்த்தத்தில். எவ்வளவு பொருத்தமான சொல்! ஆனால் நான் யாரைப் பழிவாங்கினேன்? என்னைத் திட்டியவர் அந்நேரம் வீட்டில் நன்றாகத் தூங்கியிருப்பார். நான்தான் மறுநாள் எந்த நொடியும் கரண்ட் வரக்கூடிய டெர்மினலில் கை வைக்கப் போனேன்.

சரி, அப்புறம் என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். டீயை விட்டேனா? இல்லை. டீக்கடையை விட்டேனா? அதுவும் இல்லை. அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் ஸ்டார்-டெல்டாவில் டைமர் போனால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு அண்ணன் சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். நான் மோட்டாரைக் கருக்கிய அன்று, "நானும் ஒண்ணு கருக்கியிருக்கேன்டா, அது 50 குதிரைத் திறன்" என்று சொல்லி என்னைச் சிரிக்க வைத்ததும் அதே பெஞ்சில் ஒருவர்தான். அந்தப் பேச்சு எனக்கு வேண்டும். ஆனால் நோட்டைப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. முதல் டீ பேச்சுக்காகக் குடித்தது. இரண்டாவது, பேச்சு முடியாததால் குடித்தது. மூன்றாவதிலிருந்து பெஞ்சில் நான் மட்டும்தான் உட்கார்ந்திருந்தேன். மாஸ்டர் கேட்காமலே கிளாஸை நீட்டினார், நானும் ருசி தெரியாமலே குடித்தேன். எனக்கு அதுதான் அடையாளம். பேச ஆள் போன பிறகும் கிளாஸ் வருகிறது என்றால், ரிசெட் பட்டனை அழுத்திக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு மோசமான நாட்களுக்கென்றே ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டேன். நல்ல நாட்களில் அது எனக்குத் தேவைப்படவில்லை.

கேட்டை விட்டு வந்ததும் முதலில் சாப்பாடு, அப்புறம்தான் டீ. திட்டு வாங்கி மதியம் தொடாமல் விட்ட டிபன் கேரியராக இருந்தாலும் சரி, கடையில் இரண்டு இட்லியாக இருந்தாலும் சரி. கடைசி டீ ஆறு மணிக்கு. நான் பதினொன்றுக்குப் படுப்பவன், அதனால் ஐந்து மணி நேரம் கழித்து அதில் பாதிதான் மீதி இருக்கும். அதற்கு மேலும் பெஞ்சில் உட்கார வேண்டும் என்று தோன்றினால் தண்ணீரோ சுக்குத் தண்ணீரோ வாங்கிக்கொண்டு உட்கார்வேன். மாஸ்டர் முதல் இரண்டு நாள் கேலி செய்தார். அப்புறம் விட்டுவிட்டார்.

இரண்டாவது, ரூமுக்கு வந்ததும் டைரியில் மூன்று வரி. என்ன பழுது, ஏன் வந்தது, நாளைக்குக் காலையில் முதலில் யாரிடம் என்ன கேட்க வேண்டும். மூன்று வரிக்கு மேல் எழுதினால் புலம்பல் ஆகிவிடும். டெயில் புல்லியில் ஈரத்தூள், கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை, மழை நாளில் புல்லியை யார் சுத்தம் செய்வது என்று அண்ணனிடம் கேட்க வேண்டும். அவ்வளவுதான். 2018-ல் அமெரிக்காவிலேயே இன்னொரு ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிஷம் மறுநாள் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிட ஒன்பது நிமிஷம் முன்னதாகத் தூங்கினார்கள் என்று கண்டார்கள். ஒன்பது நிமிஷம் சின்னதுதான். ஆனால் எனக்கு அதன் பலன் வேறு மாதிரி தெரிந்தது. எழுதாத நாளில் அந்தத் திட்டு மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். எழுதிய நாளில் அது ஒரு வேலையாகக் குறைந்துவிடும்.

மூன்றாவது, போன் சார்ஜரை வாசல் பக்கத்து பிளக்கில் மாட்டினேன். அலாரத்துக்கு பெரம்பலூர் கடைவீதியில் ஒரு பழைய மாடல் கடிகாரம் வாங்கினேன். எழுந்து போய் எடுக்க வேண்டும் என்றால் பாதி நாள் சோம்பலே நம்மைக் காப்பாற்றிவிடும்!

சிகரெட்தான் கஷ்டம். 27 என்பது அடுத்த மாதம் 11 ஆனது, அதற்கடுத்த மாதம் 2. பிடிக்க வேண்டும் என்ற வேகம் பெரும்பாலும் சில நிமிஷங்களில் தணிந்துவிடுகிறது. அதுவரை கடையை விட்டு நடந்துவிட வேண்டும். நான் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நடந்தேன். பழக்கம் ஊறிப்போன நண்பர்களுக்கு இது போதாது. அவர்களுக்காக பாக்கெட் மேலேயே 1800-11-2356 என்ற இலவச எண் அச்சாகியிருக்கிறது, பேசிப் பார்க்கலாம். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. புகையில் உள்ள சில பொருட்கள் கஃபீனை உடம்பு வேகமாக வெளியேற்றும்படி செய்கின்றன. சிகரெட்டை நிறுத்தினால் அந்த வேகம் குறைந்து, அதே டீ முன்னைவிட அதிக நேரம் உடம்பில் தங்கும். சிகரெட்டை விட்டதும் தூக்கம் கெட்டது, படபடப்பு வந்தது என்று மறுபடி பிடிக்கத் தொடங்குகிறார்களே, அவர்களில் சிலருக்குக் காரணம் குறைக்காமல் விட்ட டீயாகவும் இருக்கலாம். இரண்டையும் சேர்த்துத்தான் குறைக்க வேண்டும்.

இந்த ஒழுங்கால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். மோசமான நாள் வராமல் இதனால் தடுக்க முடியவில்லை. அடுத்த மாதமும் ஏழு வந்தன. வேலை இடமே தாங்க முடியாததாக இருந்து, வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அது டீக்கணக்கில் தீராது. 14416-க்கு போன் செய்தால் தமிழிலேயே பேச ஆள் இருக்கிறார்கள், வீட்டிலும் சொல்ல வேண்டும். எனக்கு நடந்தது இவ்வளவுதான்: அந்த ஏழு மோசமான நாட்களும் தனித்தனியாக வந்தன. ஒன்றை ஒட்டி இன்னொன்று வரவில்லை.

பயிற்சி முடிந்து ஊருக்கு வந்த வாரம், அப்பா சந்தையிலிருந்து முகம் வாடி வந்தார். திண்ணையில் உட்கார்ந்து பீடிக் கட்டை எடுத்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இன்னைக்கு என்ன விலைப்பா போச்சு?" என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் அந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு பீடியைக் காதில் செருகிக்கொண்டு, மூட்டைக் கணக்கு, கமிஷன், லாரி வாடகை என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். அம்மா சோற்றுத் தட்டை எடுத்து வந்து இரண்டு பேருக்கும் அங்கேயே வைத்தார். சாப்பிட்டு முடித்த பிறகு அப்பா பீடி பிடித்தார்தான், ஆனால் ஒன்றே ஒன்று.

வருகிற வருஷம் பயிற்சிக்குப் போகும் தம்பிகளே, தங்கைகளே! உங்களுக்கும் ஒரு மோட்டார் கருகும், அல்லது ஒரு பேரிங் சிக்கும், ஒரு ஜாப் ரிஜெக்ட் ஆகும். அன்று சாயங்காலம் ரூமில் உங்கள் நண்பன் பேசாமல் ஒதுங்கி உட்கார்ந்தால், சிகரெட்டை நீட்டாதீர்கள். "சாப்பிட்டியாடா? என்னடா ஆச்சு?" என்று கேளுங்கள். நான் ஆறாவது டீ குடித்த அன்று யாராவது கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன்.